வெள்ளை அடித்த மாடிக்குக் கீழே இரவில் ஏன் அனல்?

திருச்சி வாசகர் ஒருவர் கேட்கிறார்: மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தபின் பகல் வெக்கை குறைந்துவிட்டது, ஆனால் இரவு பத்து மணிக்கும் மின்விசிறி அனலையே இறைப்பது ஏன்?

மே மாத நண்பகலில் ஒரு சதுர மீட்டர் தளத்தின் மீது ஏறத்தாழ 900 வாட் வெயில் விழுகிறது. அழுக்கேறிய சாம்பல் நிறக் கான்கிரீட் அதில் மூன்றில் இரண்டு பங்கை உள்வாங்கிக்கொள்ளும். புதிதாக வெள்ளை அடித்த தளம் கால் பங்கு அளவே உள்வாங்கும். பத்தடிக்குப் பத்தடி அறையின் கூரைக்கு மட்டும் இந்த வேறுபாடு 3,000 வாட்டைத் தாண்டிவிடுகிறது.

வெண்மையின் இன்னொரு பணிதான் எனக்கு மிகவும் பிடித்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் திருப்பியனுப்பும் அதே சுண்ணாம்புப் பூச்சு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களைப் பொறுத்தவரை ஏறக்குறைய கரியைப் போல நடந்துகொண்டு, தன் வெப்பத்தைத் தாராளமாக வெளியே உமிழ்கிறது. 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளத்தில் காற்று மண்டலம் இக்கதிர்களைப் பெரும்பாலும் தடுப்பதில்லை என்பதால், தளம் வானத்தை நோக்கி இரவு பகலாக வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கிறது. நீராவி மிகுந்தால் இந்த வழி அடைபடும். ஆகவே வறண்ட திருச்சிக்குக் கிடைக்கும் இந்த நன்மை கடலோர ஊர்களுக்கு அவ்வளவு கிடைப்பதில்லை. பளபளக்கும் உலோகத் தகடு வெயிலைத் திருப்பினாலும் அகச்சிவப்பை உமிழத் தெரியாதது. அதனால் வெள்ளைத் தளத்தைவிடக் கூடுதலாகச் சூடேறிக் கிடக்கிறது.

அப்படியானால் இரவு அனல் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் மேற்குச் சுவரிலிருந்துதான். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரை வெப்பம் கடந்துவர ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும் என்பதால், மாலை நான்கு மணி வெயில் இரவு படுக்கும் நேரத்தில்தான் உட்புறத்தை எட்டுகிறது. மாலைச் சூரியன் தாழ்வாக நிற்பதால் சன்ஷேடு அதைத் தடுக்காது. சுவருக்கு வெளியே தொங்கும் மூங்கில் தட்டியோ ஒரு மரமோ தேவை. உள்ளே போடும் திரைச்சீலை, சன்னல் வழியே ஏற்கெனவே நுழைந்துவிட்ட வெயிலைத்தான் மறைக்கிறது.

காற்றோட்டத்திலும் நேரமே முக்கியம். வெளியே 40 டிகிரியும் உள்ளே 34 டிகிரியும் இருக்கும் பிற்பகலில் சன்னலைத் திறப்பது வெப்பத்தை விலைகொடுத்து வாங்குவதாகும். உள்ளும் வெளியும் ஒவ்வொரு வெப்பமானி வைத்து, வெளிக்காற்று குளிர்ந்தபின் எதிரெதிர்ச் சன்னல்கள் இரண்டையும் திறந்து விடியும்வரை விட்டுவைத்தால் சுவரில் தேங்கிய சூடு வெளியேறும். காற்று வெளியேற வழியில்லாத ஒற்றைச் சன்னல் அறைக்கு இந்தப் பயன் மிகக் குறைவு. வாஸ்துவின் பெயரால் ஒரு பக்கச் சன்னலை அடைத்துவிட்டுக் குளிர்சாதனம் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

தூசி படிந்தால் வெண்மையும் குறையும். சுண்ணாம்பு மழையில் கரையும். ஆகவே ஆண்டுதோறும் பிப்ரவரி இறுதியில் தளத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டு மறுபூச்சு அடிக்க வேண்டும். இரவு படுக்கும் நேரத்தில் உட்கூரையையும் மேற்குச் சுவரின் உட்புறத்தையும் தொட்டுப் பார்த்தால், வாசகரின் வீட்டில் அடுத்த செலவு எதற்கு என்பது தெரிந்துவிடும்.