26 எழுத்துக்கு ஒண்ணு காணாமப் போன கதை: சீரியல் போர்ட்டும் ஒரு காத்திருப்பும்

எம்பெடட் சி புதுசா படிக்கிற ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. "அண்ணா, A லேர்ந்து Z வரைக்கும் திரும்பத் திரும்ப சீரியல் போர்ட்ல அனுப்புறேன், முதல் சுத்து சுத்தமா வருது, ரெண்டாவது சுத்துல B காணோம், அப்புறம் ஒவ்வொரு சுத்துலயும் ஒரே ஒரு எழுத்து மட்டும் போயிடுது, ஒயர் மாத்திப் பாத்தேன், போர்டு மாத்திப் பாத்தேன், அப்பவும் அதே கதைதான்." சிப்பு ATmega328P, 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், வேகம் 9600. கோடு இதுதான்:

```c
for (;;) {
    for (char c = 'A'; c <= 'Z'; c++) {
        UDR0 = c;
        _delay_ms(1);
    }
}
```

பாத்த உடனே எனக்கு சிரிப்புதான் வந்துச்சு, ஏன்னா இதே `_delay_ms(1)`ஐ நானும் ஒரு காலத்துல போட்டிருக்கேன். ஆனா ஏன் சரியா 26க்கு ஒண்ணு போகுதுன்னு அப்ப நான் உக்காந்து கணக்கு போட்டுப் பாக்கல, இந்தத் தம்பி புண்ணியத்துல இப்பதான் போட்டேன்.

அடிப்படைய வேகமா சொல்லிடறேன். லைன் சும்மா இருக்கும்போது 1ல இருக்கும். ஒரு எழுத்து போகணும்னா முதல்ல ஒரு ஸ்டார்ட் பிட் 0ன்னு இறங்கும், அப்புறம் எழுத்தோட 8 பிட்டும் கடைசி பிட்டுலேர்ந்து தலைகீழா வரிசையா போகும், கடைசியா ஒரு ஸ்டாப் பிட் 1. மொத்தம் 10 பிட். 9600ன்னா செகண்டுக்கு 9600 பிட், அப்ப ஒரு எழுத்துக்கு ஒரு மில்லி செகண்டுக்கு கொஞ்சம் கூட ஆகும். இந்தச் சிப்புல `UBRR0`ல 103 போட்டா, அதோட 1 கூட்டி, சிப்போட கிளாக்க 16 × 104ஆல வகுத்து ஒரு பிட்டோட நேரத்த எடுத்துக்கும், அதாவது ஒரு பிட்டுக்கு 1,664 கிளாக், ஒரு எழுத்துக்கு 16,640 கிளாக், நேரத்துல சொன்னா சரியா 1.04 மில்லி செகண்ட். இந்த 1.04ஐ ஞாபகம் வச்சுக்கோங்க, கதையே அந்த .04லதான் இருக்கு.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடத்துக்கு வருவோம். `UDR0 = c;`ன்னு எழுதினா எழுத்து நேரா ஒயர்ல போயிடுதுன்னு நாம நினைக்கிறோம், அப்படி இல்ல. உள்ள ரெண்டு இடம் இருக்கு. ஒண்ணு பஃபர், நாம எழுதுறது அதுலதான் விழும். அதுக்கு அடுத்தாப்புல ஷிஃப்ட் ரெஜிஸ்டர், ஒவ்வொரு பிட்டா ஒயருக்குத் தள்ளி விடுறது அதுதான். ஷிஃப்ட் ரெஜிஸ்டர் காலியானதும் பஃபர்ல இருக்குற எழுத்த ஹார்ட்வேரே அதுக்குள்ள இறக்கிடும், பஃபர் மறுபடி காலியாயிடும். பெட்டிக் கடையில ஒரு ஆள் கல்லாவுல, அவருக்குப் பின்னாடி காத்திருக்க ஒரே ஒரு நாற்காலி, அவ்வளவுதான் இடம்னு வச்சுக்கோங்க. கல்லாவுல ஒருத்தர், நாற்காலில ஒருத்தர் இருக்கும்போது மூணாவதா ஒருத்தர் வந்தா என்ன ஆகும்? இந்தச் சிப்புல அவர் சத்தமில்லாம வாசலோட திரும்பிப் போயிடுவாரு. பஃபர் நிறைஞ்சிருக்கும்போது `UDR0`ல எழுதினா டிரான்ஸ்மிட்டர் அதக் கண்டுக்காதுன்னு டேட்டாஷீட்லயே இருக்கு. எர்ரர் வராது, எதுவும் நிக்காது, எழுத்து போச்சுன்னு சொல்ல ஒரு ஆளும் கிடையாது.

இப்ப தம்பியோட கோட ஓட்டிப் பாப்போம். அவரு 1.00 மில்லி செகண்டுக்கு ஒரு எழுத்து கொடுக்குறாரு, ஹார்ட்வேர் 1.04க்கு ஒண்ணுதான் அனுப்புது. முதல் எழுத்து நேரா ஷிஃப்ட் ரெஜிஸ்டருக்குப் போயிடும். B வரும்போது A இன்னும் 0.04 மில்லி செகண்ட் பாக்கி வச்சிருக்கு, பரவால்ல, B நாற்காலில உக்காந்துக்கும். C வரும்போது பாக்கி 0.08 ஆயிடும், D வரும்போது 0.12. ஒவ்வொரு எழுத்துக்கும் 0.04 கடன் ஏறிக்கிட்டே போகுது, அந்த ஒரே ஒரு நாற்காலி அவ்வளவு கடனையும் வெளியில தெரியாம மறைச்சிக்கிட்டு இருக்கு. கடன் 1.04ஐத் தாண்டுற நொடியில, அதாவது 1.04ஐ 0.04ஆல வகுத்தா வர்ற 26 படி தாண்டுனதும், வர்ற எழுத்துக்கு நாற்காலி இல்ல. முதல் சுத்து A லேர்ந்து Z வரைக்கும் 26 எழுத்து, ரெண்டாவது சுத்துல A வந்து 27, அடுத்து 28ஆவதா வர்ற B அவுட்டு. ஒரு எழுத்த முழுங்கினதால 1 மில்லி செகண்ட் கடன் தீர்ந்துடும், மறுபடி முதல்லேர்ந்து ஏற ஆரம்பிக்கும். 26 தடவை 1.00ம் 26, 25 தடவை 1.04ம் 26. அதனால 26 கொடுத்தா 25தான் வெளிய வரும்.

லூப்புக்கும் சில கிளாக் ஆகுதுல்ல, அதனால நிஜத்துல கொடுக்குற இடைவெளி 1.00க்கு ஒரு துளி மேல, அதனால காணாமப் போற இடம் மெதுவா அடுத்த எழுத்துக்கு நகரும். தம்பிகிட்ட கேட்டேன், "B மட்டுமா போகுது, இல்ல கொஞ்சம் நேரம் கழிச்சு C, D ன்னு நகருதா?" "ஆமாண்ணா நகருது, எப்படிண்ணா தெரிஞ்சுது?" ன்னாரு. எனக்கு அன்னிக்கு ராத்திரி வேற சந்தோஷமே தேவைப்படல.

இதுல பெரிய தொல்லை என்னன்னா "வணக்கம்"ங்கற அளவு சின்ன மெசேஜ் அனுப்பிப் பாத்தா எல்லாம் ஒழுங்கா வரும், கோடு சரின்னு முடிவு பண்ணிடுவோம், நீளமான வரி போகும்போதுதான் மாட்டும். அப்ப நம்ம ஆளுங்க என்ன பண்ணுவாங்க, டிலேய 2 ஆக்குவாங்க, 10 ஆக்குவாங்க. இதுக்கு டெக்னிக்கல் பேரு எதுவும் கிடையாது, எலுமிச்சம்பழம் கட்டுறதுதான். கட்டினா வண்டி ஓடுது, ஏன் ஓடுதுன்னு தெரியாது, கழட்டப் பயம். 10 மில்லி செகண்ட் போட்டா எழுத்து தொலையாது, உண்மைதான், ஆனா பத்துல ஒன்பது பங்கு நேரம் லைன் சும்மா கிடக்கும், நாளைக்கு பாட் ரேட்ட 1200க்கு இறக்கினா ஒரு எழுத்துக்கு 8 மில்லி செகண்டுக்கு மேல ஆகும், பழைய 2 மில்லி செகண்ட் டிலே அப்ப உதவாது.

நேரத்த நாம ஊகிக்க வேணாம், நாற்காலி காலியா இல்லையான்னு ஹார்ட்வேரே சொல்லும். `UCSR0A` ரெஜிஸ்டர்ல 5ஆவது பிட் `UDRE0`, பஃபர் காலின்னா 1. ரீசெட் ஆன உடனேயே அது 1தான், அதனால முதல் எழுத்து காத்திருக்காது.

```c
void anuppu(char c)
{
    while (!(UCSR0A & (1 << UDRE0)))
        ;
    UDR0 = c;
}
```

அந்த வெறும் செமிகோலன்தான் போலிங். ரெஜிஸ்டர எடு, பிட்ட பாரு, இல்லன்னா மறுபடி போ. கம்பைலர் இதுக்கு மூணு இன்ஸ்ட்ரக்‌ஷன் போடும், ஒரு சுத்துக்கு 5 கிளாக். ஒரு எழுத்து போற 16,640 கிளாக்குக்குள்ள "காலியாச்சா, காலியாச்சா"ன்னு மூவாயிரத்து முன்னூறு தடவைக்கு மேல கேக்கும். நச்சரிப்புதான், ஆனா காலியான சில கிளாக்குல அடுத்த எழுத்து உள்ள போயிடும், ஒயர்ல இடைவெளியே விழாது. அந்த நேரத்துல சிப்பு வேற வேலை செய்ய முடியாதுங்கறது இதோட விலை, நீளமான மெசேஜ்னா அது உறைக்கும். சின்ன வேலைக்கு இன்டரப்ட் எழுதுறத விட இது எவ்வளவோ மேல்னு என் கருத்து.

ரெஜிஸ்டர `avr/io.h` இல்லாம நீங்களே பாயிண்டர் போட்டு எழுதுறதா இருந்தா `volatile` விட்றாதீங்க, விட்டா ஆப்டிமைசர் ஒரு தடவை படிச்சுட்டு "இது மாறவே மாறாது"ன்னு முடிவு பண்ணி, அந்த லூப்புலேயே சிப்ப நிரந்தரமா உக்கார வச்சுடும்.

8051ல இருந்து வர்றவங்க இன்னொரு இடத்துல தடுக்கி விழுவாங்க. அங்க `TI` ஃபிளாக் ரீசெட்ல 0, எழுத்து அனுப்பி முடிச்சாதான் 1 ஆகும், நாமதான் 0 ஆக்கணும். அதனால அங்க முதல்ல எழுதிட்டு அப்புறம் காத்திருக்கணும். மேல இருக்கற மாதிரி முதல்ல காத்திருந்தா முதல் எழுத்தே போகாது, ஏன்னா எதுவுமே அனுப்பாம `TI` எப்படி 1 ஆகும்?

சரி, இப்ப கடைசி எழுத்தோட கதை, இதுல நானே ரெண்டு நாள் தொலைச்சேன். பேட்டரில ஓடுற ஒரு சென்சார், மெசேஜ் அனுப்பிட்டு உடனே பவர் டவுன் ஸ்லீப்புக்குப் போகும். வரியோட முடிவுல `\r`, `\n` போட்டிருந்தேன், பெறுற புரோகிராம் `\n` வந்தாதான் வரியக் காட்டும். எதுவுமே காட்டல, கேபிள சந்தேகப்பட்டேன். உண்மையில என்னன்னா, `anuppu('\n')` திரும்பி வரும்போது `\n` நாற்காலிலதான் உக்காந்திருக்கு, `\r` இப்பதான் கல்லாவுக்குப் போயிருக்கு. கிட்டத்தட்ட 2 மில்லி செகண்ட் வேலை பாக்கி இருக்கும்போதே நான் ஸ்லீப்புக்குப் போயிட்டேன், கிளாக் நின்னுடுச்சு, `\r` பாதியில அப்படியே உறைஞ்சிருச்சு. `UDRE0` நாற்காலிய மட்டும்தான் பாக்கும், கல்லாவப் பாக்காது. RS-485ல அனுப்பி முடிச்சதும் டிரைவர அணைக்கிறவங்களுக்கும் இதே வியாதி வரும்.

ரெண்டும் காலியானா 1 ஆகுறது 6ஆவது பிட், `TXC0`. அதுல 1 எழுதினாதான் அது 0 ஆகும், சிப்போட குசும்பு அது. அத எப்ப அழிக்கிறதுங்கறதுதான் நுணுக்கம், `anuppu`வோட கடைசிப் பகுதி இப்படி மாறும்:

```c
    UDR0 = c;
    UCSR0A = (1 << TXC0);
}

void mudiyatum(void)
{
    while (!(UCSR0A & (1 << TXC0)))
        ;
}
```

எழுத்தப் போட்டதுக்கு அப்புறம் அழிக்கிறேன், முன்னாடி இல்ல. முன்னாடி அழிச்சா, அழிக்கிறதுக்கும் எழுத்து போடுறதுக்கும் நடுவுல முந்தின எழுத்து முடிஞ்சு ஃபிளாக் மறுபடி 1 ஆயிடலாம், அப்ப புது எழுத்து இன்னும் போகாமலேயே முடிஞ்சுதுன்னு காட்டும். பின்னாடி அழிச்சா புது எழுத்து முடிய இன்னும் 1 மில்லி செகண்டுக்கு மேல இருக்கு, அதோட ஃபிளாக்க நாம தப்பா அழிக்க வாய்ப்பில்ல, நடுவுல நீளமான இன்டரப்ட் எதுவும் புகுந்துடாத வரைக்கும். இரட்டை வேகத்துக்கான `U2X0` பிட்ட நான் பயன்படுத்தாததால நேரா `=` போட்டிருக்கேன், நீங்க பயன்படுத்தினா அந்தப் பிட்டையும் சேத்து எழுதுங்க, இல்லன்னா வேகம் பாதியாயிடும்.

தம்பி `UDRE0`ஐப் போட்டு ஓட்டிட்டு A லேர்ந்து Z வரைக்கும் ஆயிரம் சுத்து எண்ணிப் பாத்தாராம், ஒரு எழுத்து கூட குறையல.