கார் கரண்டைச் சுவர் பாயிண்டில் செருகாதீர்கள்

போன வாரம் ஏற்காட்டில் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். மழையில் சில்வர் ஓக் கிளை விழுந்து கரண்ட் இல்லை. மின்சாரக் காரின் பேட்டரியிலிருந்து வெளிச் சாமான்களுக்குக் கரண்ட் தரும் வி-டூ-எல் வசதி வழியாக வீட்டுக்கே சப்ளை எடுத்திருக்கிறார்கள். லைட், ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் ஓடியது. ஒரு ஹெச்.பி. மோட்டாரைப் போட்டதும் கார் சப்ளையை நிறுத்திவிட்டது.

அதில் கோளாறு எதுவும் இல்லை. பேட்டரியில் முப்பது யூனிட் இருந்தாலும் வி-டூ-எல் ஒரு நேரத்தில் தருவது பெரும்பாலான கார்களில் சுமார் 3.3 கிலோவாட், அதாவது ஏறக்குறைய 15 ஆம்பியர்தான். அந்த மோட்டார் ஓடும்போது ஐந்தாறு ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போல ஐந்து மடங்கு கேட்கும். கார் தாங்காது.

என்னைப் பதறவைத்தது ஒயர். இரண்டு முனையிலும் பிளக் டாப் மாட்டி, ஒன்றைக் காரிலும் மற்றொன்றைச் சுவர் பாயிண்டிலும் செருகியிருந்தார்கள். இந்த வருஷம் நான் பார்க்கும் நாலாவது ஒயர் இது.

"மெயினை ஆஃப் பண்ணிட்டேனே அண்ணே" என்றார் வீட்டுக்காரர். எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். சரி, இன்று ஆஃப் செய்தீர்கள். அடுத்த முறை நீங்கள் ஊரில் இல்லாதபோது உங்கள் பையன் செய்வானா? ஒரு தடவை மறந்தால் 230 வோல்ட் வீட்டிலிருந்து வெளி லைனுக்குப் போகும். "பக்கத்து வீட்டு லோடெல்லாம் சேர்ந்தால் கார் தானே கட் ஆகிவிடும்" என்றும் சொல்வார்கள். லைன் அறுந்தது உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே என்றால் அந்த லோடு காருக்கு வராது. உங்கள் வீடும் அறுந்த ஒயரும் மட்டும் உயிரோடு இருக்கும். லைன்மேன் கை வைக்கப்போவது அந்த ஒயரில்தான். கார் கட் ஆகாமல் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் வரை போய்விட்டால், அது 230-ஐ மறுபக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றிவிடும்.

மெயின் ஆஃபில் இருந்தாலும் இன்னொரு ஆபத்து உண்டு. சுவரிலிருந்து பிளக்கை உருவினால் அதன் பித்தளைப் பின்களில் கரண்ட் இருக்கும். குழந்தை கையில் எடுத்தால் போதும். அப்புறம், மெயின் ஆனில் இருக்கும்போது இபி சப்ளை திரும்பி வந்தால், இரண்டு சப்ளையும் மோதி காரின் இன்வெர்ட்டர் பகுதியே போய்விடலாம்.

அந்த ஒயரை அங்கேயே வெட்டிப் போட்டேன்.

வீட்டு ஒயரிங்குக்கே சப்ளை வேண்டுமென்றால், கார் கம்பெனி அதை அனுமதிக்கிறதா என்று முதலில் கையேட்டில் பாருங்கள். அனுமதித்தால், ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து இபியிலிருந்து காருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்சை லைசென்ஸ் உள்ளவரை வைத்துப் போடுங்கள். பல கார்களில் நியூட்ரல் எர்த்தோடு இணைந்திருக்காது. அப்போது ஷாக் அடித்தால் சப்ளையை வெட்டும் வீட்டு ஆர்.சி.சி.பி. காப்பாற்றும் என்று நம்ப முடியாது. அதையும் அவரே சோதித்துச் சொல்லட்டும்.

மற்றவர்களுக்குக் காரிலிருந்து நேராக ஃபேன், ஃபிரிட்ஜுக்கு இழுக்கும் எக்ஸ்டென்ஷன் ஒயர் போதும். 2.5 சதுர மி.மீ., மூன்று கம்பி, 16 ஆம்பியர் பாக்ஸ். சுருளை முழுவதும் பிரித்துப் போடுங்கள். சுருட்டியபடி லோடு கொடுத்தால் உருகும். பாக்ஸை நனையாத இடத்தில் வையுங்கள். கீசரும் இண்டக்‌ஷன் அடுப்பும் ஒன்றாக வேண்டாம். அரை மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் காரில் வி-டூ-எல்லை நிறுத்திவிட்டு, பிறகு கழற்றுங்கள்.