அடி விழும் முன்பே ஆறிய காயம்

“முந்தின காட்சியில் நெற்றியில் இடது பக்கம் காயம், அடுத்த காட்சியில் வலது பக்கம். இத்தனை பேர் வேலை செய்கிற இடத்தில் இதை ஒருவர்கூடவா பார்க்கவில்லை?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். காட்சிக்குக் காட்சி இப்படி எதுவும் மாறாமல் பார்த்துக்கொள்வதைத்தான் திரையுலகம் கண்டினியூட்டி என்கிறது. இந்த வேலை வழக்கமாக ஓர் உதவி இயக்குநரின் தலையில் விழும். அவருக்கு நல்ல நினைவாற்றல் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நினைவை நம்பினால்தான் காயம் இடம் மாறுகிறது.

ஒரு படத்துக்கு இரண்டு நாட்காட்டிகள் உண்டு. ஒன்று படப்பிடிப்பின் நாட்காட்டி. நடிகர்களின் கால்ஷீட், செட், வெளிச்சம் ஆகியவை அதை முடிவு செய்கின்றன. இன்னொன்று கதையின் நாட்காட்டி. காயம் ஆறுவது, தாடி வளர்வது, சட்டை அழுக்காவது எல்லாம் கதை நாளின்படிதான் நடக்க வேண்டும். ஆகவே படப்பிடிப்புக்கு முன், திரைக்கதையின் ஒவ்வொரு காட்சிக்கும் ‘கதை நாள்’ எண் ஒன்றைப் போட்டுவிடுவதுதான் முதல் வேலை. வசனத்தில் “நேத்து” என்று வந்தால் ஒரு நாள், “போன வாரம்” என்று வந்தால் ஏழு நாள் என எண்ணிக்கொண்டே போக வேண்டும்.

ஒரு கற்பனைக் கதையை எடுத்துக்கொள்வோம். கதையின் 7ஆம் நாள் மாலை சண்டையில் நாயகனுக்கு நெற்றியில் அடி விழுகிறது (காட்சி 41). அன்றிரவு மருத்துவமனை (42). 9ஆம் நாள் காலை அக்கா வீட்டில் டீ (45). 14ஆம் நாள் நீதிமன்றம் (52). நீதிமன்ற செட் முதலில் கிடைக்கிறது. சண்டைக்கான இடம் கடைசியில்தான் கிடைக்கிறது. எனவே எடுக்கும் வரிசை 52, 45, 42, 41. காயம் ஆறிய பிறகுதான் அடி விழப்போகிறது.

இங்கே ஒரே சட்டம்: முதலில் படமானது எதுவோ அதுவே மாற்ற முடியாத உண்மை. நீதிமன்றக் காட்சியில் இடது புருவத்துக்கு மேல் 2 செ.மீ. தழும்பு வைத்துவிட்டால், பல வாரம் கழித்து நடக்கும் சண்டையில் அடி அந்த இடத்தில்தான் விழ வேண்டும். எதிரே நிற்பவரின் கம்பு நாயகனின் இடது நெற்றிக்கு இயல்பாக வரவேண்டுமானால், அவர் வலது கைப் பழக்கமுள்ளவராக இருப்பது நல்லது. மேக்கப் போட்ட அன்றே ஃபைட் மாஸ்டருக்கு இது எழுத்தில் போய்ச் சேர வேண்டும்.

காயம் எந்த நாளில் எப்படி இருக்க வேண்டும் என்பதை இயக்குநரின் ரசனைக்கு விட முடியாது. அதை உடலின் வேதியியலே சொல்லிவிடுகிறது. அடிபட்ட இடத்தில் தோலுக்கடியில் கசியும் ரத்தம் முதலில் சிவந்து, பிறகு கருநீலமாகத் தெரியும். ரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினை உடல் சிதைக்கும்போது முதலில் பிலிவெர்டின் என்ற பச்சை நிறமி உண்டாகிறது. அது பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமியாக மாறுகிறது. மஞ்சள் காமாலையில் கண்ணில் தெரிகிற அதே மஞ்சள்தான். ஆகவே 9ஆம் நாள் டீ குடிக்கும்போது கருநீலம், தையல், மேலே பிளாஸ்திரி. 14ஆம் நாள் நீதிமன்றத்தில் பச்சை கலந்த மஞ்சள், தையல் பிரித்த கோடு. முகத்தில் போட்ட தையலை வழக்கமாக 5 நாளையொட்டிப் பிரித்துவிடுவார்கள் என்பதால், அடிபட்டு ஏழு நாள் கழித்து வரும் நீதிமன்றக் காட்சியில் தையலோடு உட்காரவைத்தால் தவறு.

துணியில் பட்ட ரத்தத்துக்கும் கடிகாரம் உண்டு. காற்றுப் படப்பட ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து, சிவப்பு பழுப்பாகிறது. சர்க்கரைப் பாகில் சாயம் கலந்த சினிமா ரத்தமோ எத்தனை மணி நேரமானாலும் சிவப்பாகவே இருக்கும். அதனால் சண்டைக்குச் சிவப்புக் கலவை, மருத்துவமனைக்குப் பழுப்புக் கலவை என இரண்டு வேண்டும். கறையின் வடிவமும் மாறக்கூடாது. மருத்துவமனைக் காட்சி முதலில் எடுக்கப்படுவதால், அன்றைய கறையின் ஓரத்தை பட்டர் பேப்பரில் படியெடுத்து வைத்துக்கொண்டு, சண்டைக்கான சட்டையில் அதே அச்சில் பூச வேண்டும்.

இதிலிருந்து சட்டைக் கணக்கு தானாக வந்துவிடும். அடி விழும் ஷாட்டில் ஒவ்வொரு டேக்கும் ஒரு சுத்தமான சட்டையைத் தின்னும். மூன்று டேக்குக்கு 3. டூப்புக்குச் சுத்தமானது 1. சிவப்புக் கறை நாயகனுக்கு 1, டூப்புக்கு 1. பழுப்புக் கறை 1. மொத்தம் 7. ஏழையும் ஒரே தடவையில் வாங்கி, எல்லாவற்றையும் ஒன்றாகவே துவைக்க வேண்டும். ஒன்று மட்டும் நான்கு முறை சலவைக்குப் போனால் அதன் நிறம் தனியாக வெளுத்து, ஷாட் மாறும்போது காட்டிக்கொடுத்துவிடும்.

புகைப்படங்கள் இல்லாமல் இந்த வேலை நடக்காது. ஆனால் வாசகர் கேட்ட பிழை பிறக்க புகைப்படமே காரணமாகலாம். செல்போனின் முன்பக்கக் கேமராவில், அமைப்பைப் பொறுத்து, இடவலம் மாறிய படம் பதிவாகும். அதைப் பார்த்து மேக்கப் போட்டால் காயம் மறு பக்கம் போய்விடும். கிளாப் போர்டையும் படத்துக்குள் சேர்த்து எடுத்தால் பிரச்சினை தீர்ந்தது. எழுத்து நேராக இருந்தால் படமும் நேர். கோப்பின் பெயரைக் கதை நாளில் தொடங்குவது நல்லது:

```
D09_SC045_HERO_L.jpg
D14_SC052_HERO_L.jpg
```

பெயர்வாரியாக அடுக்கினால் படங்கள் கதை வரிசையில் நிற்கும். D09இல் உள்ள சுழியத்தை விட்டுவிட்டால் பல கருவிகளில் 14ஆம் நாள் 9க்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அசைவுகளைப் புகைப்படம் பிடித்துவைக்க முடியாது. 45ஆம் காட்சியில் நாயகன் டீ கிளாஸை எடுக்கிறான். எத்தனையாவது நொடியில் என்று குறித்தால் பயனில்லை. டேக்குக்கு டேக் பேசும் வேகம் மாறும். வார்த்தையோடு முடிச்சுப் போட வேண்டும். “வீட்டை விக்கறதா இருந்தா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?” என்பது வசனம். ‘விக்கறதா’வில் வலது கை கிளாஸுக்குப் போகிறது, ‘என்கிட்ட’வுக்கு முன் ஒரு மிடறு, ‘கேட்டிருக்கலாம்ல’ முடிந்ததும் கிளாஸ் மேசையில். இதை வசனத் தாளில் அந்தந்த வார்த்தைக்கு மேலேயே எழுதிவிட வேண்டும். எடிட்டர் பெரும்பாலும் அசைவின் நடுவில்தான் வெட்டுவார். குளோசப்பில் கிளாஸ் ஒரு வார்த்தை தாமதமாக இறங்கினால் அந்த வெட்டு அவருக்குக் கிடைக்காது. நன்றாக நடித்த டேக்கைத் தூக்கிப் போட வேண்டிவரும். டீ குறைந்த அளவையும் அளவுக் குவளையால் ஊற்றியே ஒவ்வொரு டேக்குக்கும் சரிசெய்வது நல்லது. ஆறிய டீயில் ஆடை படியும். மேலிருந்து பார்க்கும் ஷாட்டில் அது பளிச்சென்று தெரியும்.

எல்லாவற்றையும் ஒரே அளவு கவனிக்க யாராலும் முடியாது. எதை முதலில் கவனிப்பது என்பதற்கு 1997இல் உளவியலாளர்கள் டேனியல் லெவின், டேனியல் சைமன்ஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வு உதவும். ஒரு குறும்படத்தில் ஷாட் மாறும்போதெல்லாம் வேண்டுமென்றே 9 மாற்றங்களை வைத்தார்கள். கழுத்துத் துணி காணாமல் போனது, தட்டின் நிறம் மாறியது. பார்த்த 10 பேரில் ஒரே ஒருவர்தான் ஏதோ மாறியதாகச் சொன்னார். பின்னால் இருக்கும் பூச்சாடியைவிட முகத்துக்கும் கைக்கும்தான் அதிக நேரம் செலவிட வேண்டும் என்பது என் கருத்து. காரணம், கதை அங்கேதான் நடக்கிறது; மாற்றம் கதையை இடறும்போதுதான் கண் விழித்துக்கொள்கிறது.

கை என்றதும் இன்னொன்று. படப்பிடிப்புக்கு நடுவில் கோயிலுக்குப் போய்வரும் நடிகர் மணிக்கட்டில் புதுக் கயிறோடு வருவார். சிலர் ஜோதிடர் சொன்ன மோதிரத்தோடு வருவார்கள். கயிறு ஒருவரைக் காக்கும் என்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. நம்புகிறவரிடம் செட்டில் நின்று அவிழ்க்கச் சொல்வதும் முறையில்லை. முதல் நாளே கேட்டுவிட வேண்டும்: “சார், இந்தப் படம் முடியறதுக்குள்ள கயிறு கட்டற வேண்டுதல் ஏதாவது இருக்கா?” இருந்தால் அந்தக் கதாபாத்திரத்துக்கு முதல் காட்சியிலிருந்தே கயிறோ முழுக்கைச் சட்டையோ கொடுத்துவிடலாம்.