ஒன்பது சான்றிதழும் ஒன்பது ஆம்பியரும்

சுங்கை சிப்புட்டில் என் வீட்டிலிருந்து ஈப்போவில் நான் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு அரை மணி நேரப் பயணம். பராமரிப்புப் பிரிவுக்கு ஆள் எடுக்கும் வேலை என்னுடையது. அதனால் ஞாயிற்றுக்கிழமை ஒட்டுக்கடையில் தே தாரே குடிக்க உட்கார்ந்தால்கூட யாராவது ஒரு தம்பி கைப்பேசியை நீட்டி, "அண்ணே, என் லிங்க்ட்இன் கொஞ்சம் பாருங்களேன்" என்பான்.

போன மாதம் வந்த தம்பிக்கு இருபத்தாறு வயது. அம்மா இன்னும் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். இவன் பக்கத்து ஆலையில் மின் தொழில்நுட்பர். குறைந்த அழுத்த மின்நிறுவல்களைக் கையாள வேண்டிய A0 சார்ஜ்மேன் தகுதியும் வைத்திருக்கிறான். நல்ல வேலைக்காரன். ஆனால் அவன் பக்கத்தில், சிறந்தவற்றை எடுத்துக் காட்டுவதற்கென்றே இருக்கும் Featured பகுதியைத் திறந்தால் ஒன்பது சான்றிதழ்கள். முதலில் நிற்பது இரத்த தானம், அடுத்தது கல்லூரி விளையாட்டு விழா. சார்ஜ்மேன் சான்றிதழ் ஏழாவது இடத்தில்.

கைப்பேசியில் இந்தப் பகுதி பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கிற அட்டைகளாகத்தான் வரும். முதல் அட்டை நன்றாகத் தெரியும், இரண்டாவதின் ஓரம் தெரியும். ஏழாவது வரைக்கும் விரலால் தள்ளிக்கொண்டு போக எனக்குப் பொறுமை கிடையாது. ஒரு வேலைக்கு நாற்பது பேர் விண்ணப்பித்திருக்கும்போது யாருக்கும் இருக்காது. அவனைப் பொறுத்தவரை நான் முதலில் பார்த்தது ஒரு இரத்தக் கொடையாளரை, மின் தொழில்நுட்பரை அல்ல.

வரிசையைச் சரிசெய்வதற்கு முன்னால் இன்னொன்று கண்ணில் பட்டது. அதுதான் என்னைப் பதற வைத்தது. நம் ஊர்ச் சான்றிதழ்களில் பெரும்பாலும் பெயருக்குக் கீழேயே அடையாள அட்டை எண் இருக்கும். அவனுடையதில் பன்னிரண்டு இலக்கமும் பளிச்சென்று தெரிந்தன. முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். பேராக்கில் பிறந்தவனுக்கு 08. வங்கிக்குப் போன் செய்தால் "நீங்கள்தானா?" என்று உறுதிசெய்யக் கேட்கிற எண்ணும் இதுதான். அதை முழுப் பெயரோடும் வேலையிடத்தோடும் சேர்த்து ஊருக்கே காட்டிக்கொண்டிருந்தான்.

ஒரு சான்றிதழில் மட்டும் கைப்பேசியில் இருக்கும் மார்க்கர் பேனாவால் எண்ணின் மேல் கறுப்பு பூசியிருந்தான். படத்தின் வெளிச்சத்தை ஏற்றிக் காட்டினேன், எண் அப்படியே மேலே வந்தது. அந்தப் பேனாவின் மை பாதி ஒளி ஊடுருவும். வேர்டில் கறுப்புக் கட்டம் வரைந்து பிடிஎஃப் ஆக்கினாலும் இதே கதிதான். கட்டத்துக்கு அடியில் எழுத்து உயிரோடு இருக்கும், தேர்ந்தெடுத்து நகல் எடுத்துவிடலாம். நான் செய்வது இது: முழுக் கறுப்பான கட்டம் ஒன்றை வைத்து மறைத்துவிட்டு, திரையைப் படம் பிடித்து, அந்தப் படத்தை மட்டும் ஏற்றுவேன். படத்துக்கு அடியில் ஒளிந்திருக்க எதுவும் இல்லை.

அப்புறம், Featured-இலிருந்து நீக்கியதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. அவற்றில் நான்கு சான்றிதழ்களை அவன் முன்பு பதிவாகப் போட்டு, அந்தப் பதிவை மேலே கொண்டுவந்து வைத்திருந்தான். Featured-இலிருந்து எடுத்தால் பதிவு அழியாது, அவனுடைய பழைய பதிவுகளுக்கு நடுவில் அப்படியே இருக்கும். ஒவ்வொன்றாகப் போய் அழித்தோம். அதற்குள் இரண்டாவது தே தாரே ஆறிப்போனது.

சரி, சான்றிதழ்களை எங்கே வைப்பது? அவற்றுக்கென்றே Licenses & certifications என்ற பகுதி இருக்கிறது. பெயர், வழங்கிய அமைப்பு, தேதி, இருந்தால் சான்றிதழ் எண் ஆகியவற்றை அங்கே எழுத்தாகவே போடலாம், படம் தேவையில்லை. சார்ஜ்மேன் சான்றிதழை மட்டும் Featured-இலும் வைக்கச் சொன்னேன், ஏனென்றால் அது இல்லாதவரை அந்தப் பதவிக்கு நான் எடுக்கவே முடியாது. இரத்த தானம் நல்ல காரியம்தான், ஆனால் அதைப் பார்த்து யாரும் ஸ்விட்ச்போர்டைத் திறந்துவிட மாட்டார்கள்.

முதல் அட்டைக்கு என்ன? "நீ செய்ததில் உனக்கே பிடித்த வேலை ஒன்றைச் சொல்" என்றேன். கொஞ்சம் கூச்சப்பட்டு, ஒரு கன்வேயர் மோட்டாரைப் பற்றிச் சொன்னான். 11 கிலோவாட் மோட்டார், மின்னோட்டம் அளவு மீறினால் அதை நிறுத்திவிடும் ஓவர்லோட் ரிலே வாரத்துக்கு மூன்று தடவை டிரிப் ஆகும். முன்பு இருந்தவர்கள் ஒவ்வொரு முறையும் ரிலேயின் அமைப்பைக் கொஞ்சம் ஏற்றிவிட்டுப் போய்விடுவார்கள். இவன் கிளாம்ப் மீட்டரை வைத்து மூன்று ஃபேஸையும் தனித்தனியாக அளந்தான்: 24, 25, 9 ஆம்பியர். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டியவை. மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் காண்டாக்டரைப் பிரித்துப் பார்த்தால் ஒரு முனை கரிந்து தேய்ந்திருந்தது. ஒரு ஃபேஸ் சரியாக வராததால் மற்ற இரண்டும் சுமையைத் தூக்கின, ரிலே தன் வேலையைத்தான் செய்தது. காண்டாக்டரை மாற்றி, ரிலேயைப் பழைய அளவுக்கு இறக்கினான். இப்போது 18, 18, 17.

இதைவிட நல்ல போர்ட்ஃபோலியோ எனக்குத் தெரியாது. ஒரே ஒரு பக்கம், படுக்கைவாட்டில் பிடிஎஃப். மேலே பெரிய எழுத்தில் "அடிக்கடி டிரிப் ஆன கன்வேயர் மோட்டார்: காரணமும் தீர்வும்" என்று ஆங்கிலத்தில், ஏனென்றால் படிக்கப்போவது பொறியாளர்கள். இடப்பக்கம் கரிந்த முனையின் படம். வலப்பக்கம் முன்னும் பின்னும் எடுத்த அளவுகள். கீழே நான்கு வரி விளக்கம். பிடிஎஃப் ஏற்றினால் அட்டையில் முதல் பக்கம்தான் சிறிய படமாகத் தெரியும். அதனால் முகப்பு, பொருளடக்கம் எல்லாம் வேண்டாம் என்றேன். கணினித் திரையில் அந்தப் பக்கத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கிப் பார்த்தோம். தலைப்பு படிக்க வரவில்லை, இருமடங்கு பெரிதாக்கினோம்.

படத்தில் ஆலையின் பெயரோ வயரிங் வரைபடமோ வரக் கூடாது. மேசையில் வைத்து எடுத்த காண்டாக்டர் மட்டும் போதும். அதற்கும் அவன் பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் போட்டான்.

முதலில் அவன் கூகுள் டிரைவ் இணைப்பாகத்தான் போட்டிருந்தான். அவன் கைப்பேசியில் திறந்தது, என்னுடையதில் "You need access" என்றது. இது அடிக்கடி நடக்கிறது. சொந்தக்காரன் கண்ணுக்கு மட்டும் எல்லாம் சரியாகத் தெரியும். இணைப்புதான் வேண்டுமென்றால் பகிர்வை "Anyone with the link" என்று மாற்றிவிட்டு, மறைநிலைச் சாளரத்தில் திறந்து பார்க்க வேண்டும். இவனுக்கு அந்தச் சுற்றே வேண்டாம் என்று Featured-இல் கோப்பையே நேராக ஏற்றச் சொன்னேன்.

கட்டுரையும் எழுதலாமா என்று கேட்டான். வேறு யாரோ எழுதியதைப் பகிர்ந்து மேலே வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, அதில் அவன் எங்கே இருக்கிறான்? மூன்று ஃபேஸையும் ஏன் தனித்தனியாக அளக்க வேண்டும் என்று அவனே ஒரு பக்கம் எழுதினால் இரண்டாவது இடத்துக்கு வரட்டும் என்றேன். இன்னும் எழுதவில்லை. இப்போதைக்கு இரண்டே அட்டைகள், மோட்டார் முதலில், சார்ஜ்மேன் அடுத்து.

இந்த வாரம் அவனுக்கு ஒரு நேர்காணல், என் தொழிற்சாலையில் இல்லை. வெளியே வந்ததும் போன் செய்தான். உட்கார்ந்ததுமே பொறியாளர் கேட்டாராம்: "அந்த 9 ஆம்பியர், ரிலேயிலிருந்து மோட்டாருக்குப் போகிற கேபிளில் பிரச்சினை இல்லை என்று எப்படித் தெரிந்துகொண்டாய்?"

"என்ன சொன்னாய்?"

"காண்டாக்டரின் ஒவ்வொரு முனைக்கும் குறுக்கே வோல்டேஜ் அளந்தேன் என்றேன் அண்ணே. அதை அந்தப் பக்கத்தில் போட மறந்துவிட்டோம்."

இன்று இரவு ஐந்தாவது வரியாகச் சேர்த்துவிடுவான்.