'நன்றி, வணக்கம்' சொன்னதுமே கடை காலி

எடிட்டிங்குக்கு வரும் வீடியோக்களில் பாதிக்கும் மேல் இப்படித்தான் முடிகின்றன: "அவ்ளோதாங்க இன்னிக்கு வீடியோ, பிடிச்சிருந்தா லைக் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க, சப்ஸ்கிரைப் பண்ணுங்க, பெல் பட்டனை அழுத்துங்க, நன்றி, வணக்கம்." அதற்குப் பிறகு நீல நிறப் பின்னணியில் இரண்டு காலிப் பெட்டிகள், இருபது விநாடி இசை. பார்ப்பவர் தொட்டு அடுத்த வீடியோவுக்கோ சப்ஸ்கிரைபுக்கோ போகும் பெட்டிகளைக் காட்டும் யூடியூபின் எண்ட் ஸ்கிரீன் என்றால் இதுதான் என்று யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். சொன்னவரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எண்ட் ஸ்கிரீன் வீடியோ முடிந்த பிறகு வருவதல்ல. வீடியோவின் கடைசி 5 முதல் 20 விநாடிக்குள், ஓடிக்கொண்டிருக்கும் காட்சியின் மேலேயே அது உட்காருகிறது. ஆகவே அதற்கென்று தனியாக ஒரு அட்டை ஒட்டவேண்டிய அவசியமே இல்லை. ஒட்டினால் என்ன ஆகிறது? 'அவ்ளோதாங்க' என்ற சொல் காதில் விழுந்ததும் பார்ப்பவரின் கட்டைவிரல் நகர்ந்துவிடும். யூடியூப் Studio-வின் Analytics-இல், எந்த விநாடிவரை எத்தனை பேர் இருந்தார்கள் என்று காட்டும் அந்த வீடியோவின் பார்வையாளர் கோட்டைப் பாருங்கள், அந்த இடத்தில் செங்குத்தாகச் சரிந்திருக்கும். நீங்கள் அழகாக வைத்த பெட்டிகள் அதற்குப் பிறகுதான் திறக்கின்றன.

சரியாக முடிப்பது எப்படி? இட்லி மாவு அரைப்பது பற்றி 8:37 நிமிட வீடியோ ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். உபயோகமான ஒரு குறிப்பைக் கடைசிக்கென்று மிச்சம் வையுங்கள். 8:12-இல் அது தொடங்கட்டும்: பொங்கிய மாவை மொத்தமாகக் கலக்காமல் ஃபிரிட்ஜில் வையுங்கள், அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக் கலக்குங்கள். இந்தப் பேச்சு ஓடும்போதே 8:20-இல் வீடியோ பெட்டி தோன்றவேண்டும். 8:25-இல் அதைக் கையால் காட்டி, "மூணாம் நாள் மாவு புளிச்சுப் போயிருக்கும், அதுல குழிப்பணியாரம் ஊத்துறது இதோ இங்க இருக்கு" என்று சொல்லுங்கள். 8:32-க்குள் பேச்சு முடிந்துவிட வேண்டும். மீதி ஐந்து விநாடி பணியாரம் சட்டியில் வேகும் காட்சியும் சத்தமும் போதும்; விரல் தொடுவதற்கு அந்த அவகாசம் வேண்டும். நன்றி, வணக்கம் இல்லாவிட்டால் மரியாதைக் குறைவு என்று யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இதற்கான ஏற்பாடு எடிட்டிங் மேசையில் அல்ல, ஷூட்டிங்கிலேயே நடக்கவேண்டும். கடைசி ஷாட்டில் பேசுபவர் இடப்பக்கம் நகர்ந்து, வலப்பக்கத்தைக் காலியாக விடுங்கள். நடுவில் நின்று எடுத்துவிட்டு, முகத்தின் மேல் பெட்டி விழுகிறது என்று பிறகு எடிட்டரிடம் புலம்பக்கூடாது. கீழ்ப்பகுதியையும் விட்டுவிடுங்கள், சப்டைட்டில் அங்கேதான் வரும். போலி சப்ஸ்கிரைப் பொத்தானை வீடியோவிலேயே வரைந்து வைக்காதீர்கள், தொட்டுப் பார்த்து ஒன்றும் நடக்காமல் ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

Studio-வில் Content, பிறகு வீடியோ, அதில் End screen. வழக்கமான 16:9 வீடியோவில் நான்கு பெட்டிகள் வரை வைக்கலாம். தயவுசெய்து நான்கையும் வைக்காதீர்கள். ஒரு வீடியோவும் ஒரு சப்ஸ்கிரைப் வட்டமும் போதும். வட்டத்தை 8:30-க்குத் தள்ளிவையுங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் தனி நேரம் வைக்க டைம்லைனில் வசதி உண்டு. வீடியோ பெட்டியில் Most recent upload வேண்டாம். வாயால் பணியாரம் என்று சொல்லிவிட்டு, அடுத்த மாதம் பார்ப்பவருக்கு அங்கே மிக்சி விமர்சனம் நின்றால் எப்படி இருக்கும்? பெயர் சொல்லிக் காட்டுவதாக இருந்தால் Specific video-தான். எதையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை என்றால் Best for viewer பரவாயில்லை.

(குழந்தைகளுக்கானது என்று குறித்த வீடியோக்களிலும் 25 விநாடிக்குக் குறைந்தவற்றிலும் எண்ட் ஸ்கிரீன் கிடையாது. 'ஆப்ஷனைக் காணோம் சார்' என்று கேட்பதற்கு முன் இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள்.)

கிளிக் விகிதம் நன்றாக இருக்கிறது என்று மகிழ்வதற்கு முன் ஒன்று. அந்த விகிதம் பெட்டி தோன்றும்வரை இருந்தவர்களை வைத்துக் கணக்கிடப்படுவது. முன்பே போனவர்கள் அதில் சேர்த்தி இல்லை. ஆகவே பார்வையாளர் கோட்டையும் அதனுடன் சேர்த்துப் பாருங்கள். பெட்டி வருவதற்கு முன்பே கோடு சரிந்தால் கோளாறு உங்கள் முடிவுரையில். ஆள் இருந்தும் தொடவில்லை என்றால் கோளாறு நீங்கள் காட்டிய வீடியோவில்: இட்லி மாவு பார்க்க வந்தவரிடம் பட்டுப்புடவை ஷாப்பிங்கைக் காட்டியிருப்பீர்கள். முதல் கோளாறுக்கு, நீளும் முடிவை Studio-வின் Editor-இல் வெட்டிவிடலாம்; முடிவுரையையே மாற்றவேண்டும் என்றால் திரும்ப எடிட் செய்து, புதிதாகத்தான் ஏற்றவேண்டும். இரண்டாவதை, பேச்சில் பெயர் சொல்லாதிருந்தால், பழைய வீடியோவிலேயே பெட்டியை மாற்றிச் சரிசெய்துவிடலாம். அதிகம் பார்க்கப்படும் உங்கள் பழைய வீடியோக்களில் இதை முதலில் செய்யுங்கள்.