பிரிந்த விளிம்பில் தார் பூசாதீர்கள்

தட்டைக் கூரையில் தண்ணீர் இறங்காமலிருக்க ஒற்றை அடுக்கு மெம்பிரேன் ஷீட் போட்டவர்கள் இதை ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள். கூரை ஒழுகுகிறது என்றதும் முதலில் மேலே ஏறுவது தார் டப்பா, இல்லையென்றால் சிலிக்கான் பசைக் குழாய். அவை போய் வந்த கூரையைச் சரிசெய்வது, வெறும் ஒழுக்கைச் சரிசெய்வதைவிடப் பல மடங்கு வேலை. இந்த வாரம் மட்டும் இப்படி மூன்று கூரைகள்.

ஒரு உதாரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இ.பி.டி.எம். என்னும் கருப்பு ரப்பர் ஷீட் போட்ட கூரை. மழைநீர் வடியும் வாய்க்குப் பக்கத்தில் இரண்டு ஷீட்டுகள் சேரும் விளிம்பு 30 செ.மீ. நீளத்துக்குப் பிரிந்திருக்கிறது. அப்போதே கவனித்திருந்தால் 45 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம் உள்ள ஒரு ஒட்டுத் துண்டோடு முடிந்திருக்கும். யாரோ தார் பூசிவிட்டார்கள். தாரில் உள்ள எண்ணெய்ப் பொருளை இ.பி.டி.எம். உறிஞ்சிக்கொள்ளும். சில மாதங்களில் ஷீட் ஊறி உப்பி, அலை அலையாகச் சுருக்கம் விழுந்து நிற்கும். அந்த இடத்தில் இனி எந்தப் பசையும் பிடிக்காது. தார் தொட்ட ஷீட்டை நல்ல பகுதி வரும்வரை வெட்டி எடுப்பதுதான் வழி. 60-க்கு 40 செ.மீ. வெட்டி எடுத்தீர்கள் என்றால், எல்லாப் பக்கமும் ஏழரை செ.மீ. ஏறி உட்கார 75-க்கு 55 செ.மீ. துண்டு வேண்டும். அதன் சுற்றளவு 2.6 மீட்டர். 30 செ.மீ. பிரிவு, 2.6 மீட்டர் புது இணைப்பாகிவிட்டது.

‘சிலிக்கான் தாரைவிட நல்லதுதானே’ என்பார்கள். இல்லை. இ.பி.டி.எம்.மிலும் சரி, இன்னொரு வகையான வெள்ளை டி.பி.ஓ. ஷீட்டிலும் சரி, அது மேலே தொற்றிக்கொண்டிருக்குமே தவிர, பிடித்துக்கொள்ளாது. கொஞ்ச நாளில் ஓரம் தூக்கும், தண்ணீர் உள்ளே போகும். மேலே மூடியிருப்பதால் வெளியே தெரியாது. அதன் எச்சம் ஷீட்டில் ஒட்டிக்கொண்டு, பின்னால் வருபவர் ஒட்டுவதற்கு முன் பூசும் பிரைமரையும் பிடிக்கவிடாது, சூட்டு இணைப்பையும் கெடுக்கும்.

இதற்கெல்லாம் மூலம் ஒரே தவறான எண்ணம்: ‘இரண்டும் ரப்பர் ஷீட்தானே, எது கிடைத்தாலும் ஒட்டலாம்.’ இரண்டும் ஒன்றல்ல. இ.பி.டி.எம். ஏற்கெனவே வெந்து முடிந்த ரப்பர். எவ்வளவு சூடு காட்டினாலும் உருகாது, கருகத்தான் செய்யும். அதனால் அதன் இணைப்பு எப்போதும் ஒட்டுதான்: பிரைமரும், அழுத்தினால் பிடிக்கும் இணைப்பு நாடாவும். டி.பி.ஓ. சூட்டில் இளகும் பிளாஸ்டிக் வகை. ஹாட் ஏர் கன்னால் இரு ஷீட்டையும் உருக்கி ரோலரால் அழுத்தினால் இரண்டும் ஒன்றாகிவிடும். இ.பி.டி.எம். மேல் டி.பி.ஓ. துண்டை வைத்துச் சூடு காட்டுவதும், டி.பி.ஓ. கூரைக்கு ரப்பர் பேட்ச் வாங்கி வருவதும் காசைக் கொட்டுவதுதான். இன்னொன்று: வெள்ளையாக இருப்பதெல்லாம் டி.பி.ஓ. அல்ல, பி.வி.சி. ஷீட்டும் வெள்ளைதான். இவை ஒன்றோடொன்று இணையாது. சந்தேகம் இருந்தால் கூரையின் ஓரத்தில் சிறு துண்டை இணைத்து, ஆறவிட்டு, உரித்துப் பாருங்கள்.

இ.பி.டி.எம். ஒட்டு தோற்பது பெரும்பாலும் துடைக்காததால்தான். புது ஷீட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கத் தூள் தூவியிருப்பார்கள், பழைய ஷீட்டில் அழுக்கு. இரண்டையும் கழுவித் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, இரு முகத்திலும் பிரைமர் பூச வேண்டும். பிரைமரை விரலால் தொட்டு முன்னே தள்ளிப் பாருங்கள். விரலோடு நூலாக இழுத்து வந்தால் இன்னும் காயவில்லை. காய்ந்த பிறகு நாடாவை இழுக்காமல் விரியுங்கள். இழுத்து ஒட்டிய நாடா திரும்பச் சுருங்கி ஓரத்தைத் தூக்கும். பிறகு ரோலரை முதலில் குறுக்கே, அப்புறம் நீளவாக்கில் உருட்டுங்கள். பேட்சின் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கூரான மூலைதான் முதலில் உரியும். சுத்தம் செய்கிறேன் என்று பெட்ரோலைத் தொடவே தொடாதீர்கள். தயவுசெய்து.

டி.பி.ஓ.வில் ஏமாற்றுவது பொய் இணைப்பு. பார்த்தால் மூடியிருக்கும், உள்ளே உருகியிருக்காது. நீளமான எக்ஸ்டென்ஷன் வயரில் மின்னழுத்தம் குறைந்தாலே மெஷினின் சூடு இறங்கிவிடும். ஷீட்டில் பனி ஈரம் இருந்தாலும் அப்படித்தான். அதனால் காலையில் வேலை தொடங்கும்போதும், மெஷினை நிறுத்தித் திரும்பத் தொடங்கும்போதும் ஒரு சோதனைத் துண்டு போடுங்கள். நன்றாக ஆறிய பின் ஒரு அங்குல அகலப் பட்டையாக வெட்டி உரியுங்கள். மேல்படலம் கிழிந்து உள்ளே வலை நூல் தெரிந்தால் இணைப்பு சரி. இரு முகமும் வழவழப்பாகப் பிரிந்து வந்தால் அந்தச் சூட்டில் ஒரு அடிகூட ஓட்டாதீர்கள். ஓட்டி முடித்த இணைப்பு முழுவதும், ஆறிய பிறகு, மழுங்கிய முனைக் கம்பியால் விளிம்பைக் குத்திக்கொண்டே நடக்க வேண்டும். கம்பி நுழையும் இடத்தில் சுண்ணக்கட்டியால் குறி வையுங்கள். மூன்று ஷீட் சந்திக்கும் இடத்தில் படி போல ஒரு சிறு சந்து விழும். அதன் மேல் வட்டப் பேட்ச் கட்டாயம்.

வெயில் விஷயத்திலும் ஒரு நம்பிக்கையைக் கைவிட வேண்டும். ‘வெள்ளை வெயிலைத் திருப்பியடிக்கும், அதனால் நீண்ட நாள் உழைக்கும்’ என்பார்கள். கட்டடம் குளிர்ச்சியாக இருக்கும் என்பது உண்மை. ஷீட்டின் ஆயுள் வேறு கணக்கு. கருப்பு இ.பி.டி.எம்.மில் கலந்திருக்கும் கார்பன் கருப்பு புற ஊதாக் கதிரைத் தானே விழுங்கி ரப்பரைக் காக்கிறது, அது தீர்ந்துபோகும் பொருளும் அல்ல. டி.பி.ஓ.வைக் காப்பவற்றில் முக்கியமானவை உள்ளே கலந்த நிலைப்படுத்திகள். அவை ஆண்டுக்கு ஆண்டு செலவாகும், சூடு கூடக் கூட வேகமாகச் செலவாகும். எதிரே கண்ணாடிச் சுவர் இருந்து, அதில் பட்டுத் தெறிக்கும் வெயில் விழும் பட்டையில்தான் டி.பி.ஓ. முதலில் தேயும். விரலால் தேய்த்தால் சுண்ணப்பொடி போல வரும், பிறகு மடிப்புகளில் மெல்லிய விரிசல், கடைசியில் வலை நூல். நூல் தெரியும் இடத்தில் பேட்ச் போட்டுப் பயனில்லை, அந்தப் பகுதியையே மாற்ற வேண்டும். இ.பி.டி.எம்.மின் முதுமை வேறு மாதிரி: சுருங்கும். சுவரடி மூலையில் ஷீட் தரையோடு படியாமல் கயிறு கட்டியது போல விறைத்து நின்றால் அதுதான் அடையாளம். அதைக் காலால் மிதித்து அமுக்காதீர்கள், கிழியும்.

பழுது பார்ப்பதில் பழைய இ.பி.டி.எம்.தான் எளிது. இருபது வருட ஷீட்டையும் கழுவி, பிரைமர் பூசினால் ஒட்டு பிடிக்கும். பழைய டி.பி.ஓ.வின் மேல்தோல் வெயிலில் மாறிப்போயிருக்கும், அப்படியே சூடு காட்டினால் இணையாது. சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, சொரசொரப்பான பேட்டால் தேய்த்து, ஷீட் தயாரிப்பாளர் சொன்ன கிளீனரால் துடைத்து, அது ஆவியானதும் உடனே இணைக்க வேண்டும். இன்று தேய்த்து நாளை இணைப்பது வேண்டாம். இங்கேயும் சோதனைத் துண்டு முதலில்.

ஆள் வரும்வரை என்ன செய்வது என்று கேட்பீர்கள். பிரிந்த இடத்தைத் துடைத்து, அந்த ஷீட்டுக்கே உரிய நாடா கையில் இருந்தால் அதை ஒட்டுங்கள். இல்லையென்றால் தார்ப்பாய் விரித்து, கூர் முனை இல்லாத கனமான ஏதாவது ஒன்றை வைத்துவிட்டு இறங்கி வந்துவிடுங்கள்.