கன்னத்தில் ஒரு நீலத் திட்டு

என் அக்கா மகள் ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஆசிரியை அவளைத் தனியே அழைத்து, "வீட்டில் யாராவது அடித்தார்களா கண்ணு?" என்று கேட்டார். கல்லூரிக்குப் போன பிறகு கேள்வி மாறியது. "இந்த வயதிலேயே மங்கு விழுந்துவிட்டதே, ஏதாவது தடவக் கூடாதா?" என்றார்கள் உறவுக்காரப் பெண்கள். வலது கண்ணின் கீழ் இமையில் தொடங்கிக் கன்ன எலும்பு வரை பரவியிருக்கும் நீலச் சாம்பல் நிறத் திட்டு அது. கைக்குழந்தையாக இருந்தபோதே தெரிந்தது. அடிபட்ட கன்றலும் இல்லை, மங்கும் இல்லை. தோல் மருத்துவர்கள் இதை ஓட்டா மச்சம் என்கிறார்கள். 1939இல் இதை விவரித்து எழுதிய ஜப்பானியத் தோல் மருத்துவர் மசாவோ ஓட்டாவின் பெயர் அது.

இதில் என்னை முதலில் ஈர்த்தது நிறம்தான். நம் தோலில் நீலச் சாயம் எதுவும் கிடையாது. மச்சத்துக்கும் மங்குக்கும் முடிக்கும் நிறம் தருவது மெலனின் என்ற ஒரே நிறப்பொருள். நம்மிடம் அது பெரும்பாலும் பழுப்பாகவோ கறுப்பாகவோதான் இருக்கும். பிறகு நீலம் எங்கிருந்து வருகிறது?

விடை நம் பாட்டிகளின் முன்கையில் இருக்கிறது. அவர்கள் குத்திக்கொண்டதற்குப் பெயர் பச்சை. ஆனால் ஊசியால் உள்ளே இறக்கியது விளக்குக் கரியிலிருந்து செய்த கறுப்பு மை. கிண்ணத்தில் கறுப்பாக இருந்த மை, தோலுக்கு அடியில் போனதும் பச்சையும் நீலமுமாகத் தெரிந்தது. தோலில் விழும் வெளிச்சத்தில் சிவப்பு ஆழமாக இறங்கும். நீலம் அதிகம் இறங்காமல் மேலடுக்குகளிலேயே சிதறித் திரும்பிவிடும். சாதாரணத் தோலில் உள்ளே போன சிவப்பும் திரும்பி வருவதால் இரண்டும் கலந்து நம் இயல்பான நிறம் கிடைக்கிறது. ஆழத்தில் கறுப்பாக ஏதாவது இருந்தால், இறங்கிய சிவப்பை அது விழுங்கிவிடும். நீலம் மட்டும் எப்போதும் போலத் திரும்பி வரும். ஆகவே நீலமாகத் தெரியும் ஒரு திட்டு, நிறப்பொருள் தோலின் ஆழத்தில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

மெலனினைச் செய்யும் செல்கள் கருவில் முதுகெலும்பு உருவாகும் பகுதியை ஒட்டிப் பிறந்து, அங்கிருந்து உடலெங்கும் நகர்ந்து, தோலின் மேலடுக்குக்கு வந்து சேர வேண்டும். சில செல்கள் வழியிலேயே, தோலின் உள்ளடுக்கில் தங்கிவிடுகின்றன. பல குழந்தைகளின் இடுப்புக்குக் கீழே பிறக்கும்போது தெரியும் நீலத் திட்டும் இதே வகைதான். அது பெரும்பாலும் சில ஆண்டுகளில் மங்கி மறைந்துவிடும். முகத்தில் தங்கியவை மறைவதில்லை. முகத்தின் உணர்வு நரம்பு மூன்றாகக் கிளைக்கிறதல்லவா, அதில் நெற்றி, கண், கன்னம் ஆகியவற்றுக்குப் போகும் மேல் இரண்டு கிளைகளின் எல்லைக்குள்தான் ஓட்டா மச்சம் பெரும்பாலும் அமைகிறது. ஆசியர்களிடமும் பெண்களிடமும் அதிகம். பலருக்குப் பிறந்த முதல் ஆண்டுக்குள் தெரிந்துவிடும். சிலருக்குப் பருவமடையும் வயதில்தான் வெளிவரும் அல்லது கருமை கூடும். மாதவிலக்கு நாட்களில் சற்று அடர்ந்து தெரிகிறது என்று சொல்லும் பெண்களும் உண்டு. அதனால்தான் "புதிதாக அடிபட்டதா?" என்ற சந்தேகம் திரும்பத் திரும்ப வருகிறது.

கன்றலும் முதலில் நீலம்தான், காரணமும் ஆழம்தான்: உடைந்த நுண்குழாயிலிருந்து கசிந்த ரத்தம் தோலுக்கு அடியில் கிடக்கிறது. ஆனால் உடல் அந்த ரத்தத்தைச் சிதைத்து அகற்றத் தொடங்கிவிடும். சிவப்பணுவின் நிறப்பொருள் பச்சை நிறப் பொருளாகவும் பிறகு மஞ்சளாகவும் மாறும். கருநீலம், பச்சை, மஞ்சள், இளம்பழுப்பு என்று நாளுக்கு நாள் நிறம் நடந்து, பொதுவாக இரண்டு வாரத்தில் போய்விடும். தொட்டால் வலிக்கும். ஓட்டா மச்சம் வலிக்காது, நிறம் நடக்காது. பத்து நாள் இடைவெளியில் அதே ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு புகைப்படம் எடுத்தாலே வேறுபாடு தெரிந்துவிடும். அடியே படாத குழந்தைக்குக் கண்ணைச் சுற்றிப் புதிதாகக் கன்றல் தோன்றினால் மட்டும் புகைப்படத்துக்குக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

மங்கில் மெலனின் பெரும்பாலும் மேலடுக்கில், கண்ணுக்கு நேரே இருக்கிறது. அதனால் பழுப்பாகவே தெரியும். சிறுவயதில் வருவதில்லை. கர்ப்பம், ஹார்மோன் மாத்திரை, வெயில் ஆகியவற்றை ஒட்டி, இரண்டு கன்னத்திலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் ஏறக்குறைய ஒரே அளவாகப் படரும். இமைகளைப் பெரும்பாலும் தொடாது. ஓட்டா மச்சமோ பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும், இமையையும் சேர்த்து. குழப்பம் வரும் இடமும் ஒன்று உண்டு: மங்கு ஆழமாக இறங்கியிருந்தால் அதுவும் சாம்பல் நிறம் காட்டும்.

என் அக்கா மகளை மருத்துவர் பார்த்தபோது நான் உடன் இருந்தேன். கன்னத்தை அவர் அதிக நேரம் பார்க்கவில்லை. கீழ் இமையை விரலால் மெல்ல இழுத்து, "மேலே பார் அம்மா" என்றார். கண்ணின் வெள்ளைப் பகுதியில், கருவிழியின் வெளி ஓரத்தை ஒட்டி, ஈரச் சுவரில் தெரியும் நிழல் போல ஒரு சாம்பல் திட்டு. இத்தனை ஆண்டுகள் நாங்கள் யாருமே கவனிக்காதது. மங்கு ஒருபோதும் கண்ணுக்குள் போகாது என்றார். ஓட்டா மச்சம் உள்ளவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்த நிறம் கண்ணிலும் இருக்கும்.

அதற்கு முந்தைய ஆண்டு அவள் ஒரு வெளுப்புக் கிரீமை எட்டு மாதம் தடவியிருந்தாள். திட்டு அசையவில்லை. அசையவும் முடியாது: மேலடுக்கில் வேலை செய்யும் மருந்து உள்ளடுக்கில் கிடக்கும் செல்லை எட்டாது. கிரீமில் ஸ்டீராய்டு இருந்ததால் தோல் மெலிந்து, சிவந்த நுண்குழாய்கள் தெரியத் தொடங்கின. அந்தச் சேதம் ஆறுவதற்கே பல மாதம் ஆனது.

ஆழத்தை எட்டுவது லேசர்தான். நம் மாநிறத் தோலுக்குப் பெரும்பாலும் 1064 நானோமீட்டர் அலைநீளத்தில் இயங்கும் கியூ-ஸ்விட்ச் லேசரைத் தேர்வு செய்கிறார்கள். மேலடுக்கின் மெலனின் அதைக் குறைவாகவே உறிஞ்சுவதால் தோல் சுடுவது குறைவு. ஒவ்வொரு துடிப்பும் நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரமே நீடிக்கும். அதற்குள் மெலனின் துகள் சூடாகி வெடித்துவிடும், சூடு பக்கத்துத் திசுவுக்குப் பரவ நேரம் இருக்காது. உடைந்த துகள்களைத் துப்புரவுச் செல்கள் விழுங்கி மெதுவாக அப்புறப்படுத்தும். அந்த வேலைக்கு வாரங்கள் ஆகும் என்பதால் அமர்வுகளுக்கு இடையே இரண்டு மூன்று மாத இடைவெளி விடுகிறார்கள்.

அவளுக்கு மரப்புக் கிரீம் தடவி ஒரு மணி நேரம் கழித்து, இமைக்குள் உலோகக் கவசம் வைத்த பிறகே தொடங்கினார்கள். ரப்பர் பட்டை சுண்டுவது போல வலித்ததாம். துடிப்பு விழுந்த இடம் உடனே வெளுத்து, மாலைக்குள் வீங்கிச் சிவந்தது. ஒரு வாரத்தில் மெல்லிய பொருக்கு உதிர்ந்தது. முதல் இரண்டு அமர்வுகளில் மாற்றம் தெரியவே இல்லை; மூன்றாவதற்குப் பிறகுதான் நீலம் சாம்பலாக மங்கியது. இடையில் வெயிலில் அலைந்த ஒரு மாதத்தில் சிகிச்சை செய்த இடம் பழுப்பாகக் கறுத்து எல்லோரையும் பயமுறுத்தியது. அது மேலடுக்கின் எதிர்வினை. சன்ஸ்கிரீனும் பொறுமையுமாக நான்கு மாதத்தில் அடங்கியது. ஆறு அமர்வு முடிந்த நிலையில், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிறது.

கண்ணில் இருக்கும் திட்டை இந்த லேசர் தொடாது. அங்கே நிறம் இருப்பவர்களில் சிலருக்குக் கண் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பு பாதிக்கப்படலாம். மிக அரிதாகக் கண்ணுக்குள் புற்றுநோயும் வரலாம். இரண்டும் தொடக்கத்தில் பெரும்பாலும் வலியோ மங்கலோ காட்டாதவை. அதனால் ஆண்டுக்கு ஒருமுறை கண் மருத்துவரிடம் போய், கண் அழுத்தம் அளந்து, பாவையை மருந்தால் விரித்து உள்ளே பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்த ஆண்டு கண் அழுத்தம் 15 மில்லிமீட்டர் பாதரசம். இருபத்தொன்று வரை இயல்பு.